‘அண்ணா’ என்னும் விளி

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் தமிழனின் கை, முதல் வரியிலேயே தயங்குவதை அன்பர்கள் கண்டிருப்பார்கள். நமது கையும் அவ்வாறே தயங்குகின்றது. நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கின்றோம். மேற்பிரிவுக் கிராணியார் நம்மினும் பதினைந்து வயது மூத்தவர். ‘டியர்’ என்று தொடங்கி, அவர் பெயரை மொட்டையாக எழுத மனம் ஒப்புவதில்லை. ஆகவே ‘அண்ணா’ என்கின்றோம். எழுதப்படுபவர் பெண்மணியாயின் ‘மேடம்’ என்கின்றோம்.

இதை ஆங்கிலம் அறியாதார் செய்கை என்று நகைப்பவர் உளர். அவர் காரணத்தை ஆராய்ந்தாரில்லை. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியில் நிற்கின்றது. ‘அனுப்பு’ என்பதற்கும் ‘அனுப்புங்கள்’ என்பதற்கும் உள்ள தூரத்தைக் குழந்தையும் அறியும். ஆங்கிலத்திலோ எசமானுக்கும் ஏவலாளுக்கும் ‘யூ’ என்னும் ஒரே சொல்தான். ‘ப்ளீஸ்’ என்பது வேண்டுதலைக் காட்டுமேயன்றி, மூத்தார் இளையார் என்னும் முறையைக் காட்டாது. வாலில் இழந்த மரியாதையைத் தலையில் வைத்து ஈடுசெய்கின்றோம், அவ்வளவே. மலாய் நண்பர்களும் ஆங்கிலக் கடிதத்தில் ‘என்சிக்’, ‘புவான்’ என்றும், நெருங்கியவராயின் ‘காக்’, ‘அபாங்’ என்றும் எழுதுகின்றார்கள்.

நிற்க. ‘மேடம்’ என்பதும் ‘அண்ணா’ என்பதும் ஒரே தன்மையன அல்ல. முன்னது பதவிக்குச் செய்யும் வணக்கம். பெற்றவர் திருப்பித் தரவேண்டியது ஒன்றுமில்லை. பின்னது உறவு, உறவு கடமையை உடன் கொண்டுவரும். இதை நாம் நமது பிழையாலேயே அறிந்தோம்.

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை நான்காம் நாளாகியும் மேற்பிரிவுச் செக்ரோல் வந்து சேரவில்லை. ‘அண்ணா, இன்றே அனுப்புங்கள், தம்பியைக் கைவிடாதீர்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, தலைமை அலுவலகத்துக்கும் பிரதி விட்டோம். அன்று மாலையே கணக்கு வந்தது. மண்டோரின் பெரட்டுப் புத்தகத்தோடு நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே செக்ரோலை விடுவது அவர் வழக்கம். அன்று கடைசி நான்கு நாட்களை ஒப்பிடாமலே விட்டார். புல் வெட்டும் பெண்கள் இருவருக்கு இரண்டிரண்டு நாட் கூலி விட்டுப்போயிற்று. சம்பளத்தன்று சீட்டைப் பார்த்து அவர்களே வந்து கேட்டார்கள்.

‘ஏன் அனுப்பினீர்கள்?’ என்று அவரைக் கேட்டோம். ‘கிராணி கேட்டிருந்தால் நாளை என்றிருப்பேன், தம்பி கேட்டால் என்ன சொல்வது?’ என்றார். அவர் சொல் நம்மைச் சுட்டது. மறுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்தது நமது மரியாதைச் சொல்லே. அதை மரியாதைக்காக எழுதினோமா, காரியத்துக்காக எழுதினோமா என்று நெஞ்சைக் கேட்டபோது நேரான விடை வரவில்லை.

பின்னும் ஒன்று நிகழ்ந்தது. தலைமை அலுவலகத்தில் விசாரித்த அம்மையார் தமிழரல்லர். ஆங்கில எழுத்தில் ‘அண்ணா’ என்பது ஐரோப்பியப் பெண்பெயரான ‘அன்னா’வாகவே தோன்றும். ‘மிஸ் அன்னா என்பவர் எந்தப் பிரிவில் வேலை செய்கின்றார்?’ என்று கேட்டெழுதினார். சிரித்தோம், பிறகு சிரிப்பு அடங்கிற்று. பொறுப்பு யாருடையது என்று பிற்காலத்தில் ஒருவர் தேடினால், அக்கடிதத்தில் அகப்படுவது ஓர் உறவுமுறை மட்டுமே, ஆள் அகப்படான்.

அன்றிரவு நாம் அனுப்பிய பழைய கடிதங்களைத் திருப்பிப் பார்த்தோம். இருபத்தேழு வயது உதவி நிர்வாகிக்கு ‘சார்’. நம்மையொத்த கிராணிமாருக்கும் மேலானவருக்கும் ‘அண்ணா’. எடைப்பாலத்தில் சீட்டெழுதும் பெரியவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு வெறும் பெயர்! வயதுக்கு மரியாதை என்று நாம் நம்பியிருந்தது, நாற்காலிக்கு மரியாதையாகவே இருந்திருக்கின்றது. தமிழர் சமத்துவத்தைப் பற்றிக் கூட்டங்களில் கைதட்டுகின்ற நமக்கு இது தலைகுனிவே.

இப்பொழுது கணக்குக் கடிதங்களில் எல்லோருக்கும், எடைப்பாலத்துப் பெரியவர் உட்பட, ‘மிஸ்டர்’ என்றோ ‘மேடம்’ என்றோ எழுதிப் பெயரையும் சேர்க்கின்றோம். அண்ணன் என்று அழைப்பதை வாய்க்கே வைத்துக்கொண்டோம். முதல் கடிதம் போன அன்றே மேற்பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது.

‘என்ன தம்பி, கோபமா?’

‘இல்லை அண்ணா.’

‘அப்படியானால் சரி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் ஒரு நாள் வேண்டும்.’

‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றோம்.