பழைய அளவுகோலும் புதிய மனிதரும்

காதல் முறிந்தவர்களுக்கும் மணமுறிவுக்குப் பின் இன்னொரு துணையைத் தேடுபவர்களுக்கும் நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை இரண்டு. ஒன்று, பழையவரோடு புதியவரை ஒப்பிடாதே. மற்றொன்று, அவசரப்படாதே, ஒரு வருஷமாவது போகட்டும். இரண்டும் நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவைதாம். ஆனால் முதலாவது நம் கைக்குள் இல்லாத ஒன்றைச் செய்யச் சொல்கிறது. இரண்டாவது, பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் காலண்டரைப் பார்க்கச் சொல்கிறது. ஒப்பீடு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வந்த பிறகு அதை அடையாளம் காண்பது மட்டுமே நம்மால் ஆகும். அதேபோல, புதிதாக முளைத்த ஓர் அன்பு உண்மையில் பழைய காயத்துக்குப் போட்ட கட்டுதானா என்பதை, அது எத்தனை மாதத்தில் முளைத்தது என்பதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அது யாரை நோக்கி நிற்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். இன்றைய சிந்தனை இதைப் பற்றியது.

ஒப்பீடு நம் கைக்குள் இல்லை என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா பிரம்பாவும் கிறிஸ் ஃப்ராலியும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்களிடம் முதலில் அவரவருடைய முன்னாள் காதலரைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வேறொரு நாளில் இரண்டு புது மனிதர்களைப் பற்றிய குறிப்புகளைக் காட்டினார்கள். ஒரு குறிப்பில் அந்த முன்னாள் காதலரின் குணங்கள் சில கலந்திருந்தன. மற்றதில் அப்படி எதுவும் இல்லை. சாயல் இருந்த குறிப்பைப் படித்தபோது, பழைய உறவில் இருந்த நெருக்கமும் பதற்றமும் அதன்மேல் அதிகமாகப் படிந்தன. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சாயலே இல்லாத குறிப்பின் மீதும் அந்தப் பழைய உணர்ச்சி ஓரளவு படிந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சூசன் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் 1990-களில் செய்த சோதனைகள் இன்னும் ஒருபடி மேலே போயின. தனக்கு நெருங்கிய ஒருவரின் சாயல் உள்ள புதிய மனிதரைப் பற்றிப் படித்தவர்கள், அந்தக் குறிப்பில் இல்லாத குணங்களைக்கூடப் படித்ததாகவே நம்பினார்கள். பழையவரிடம் இருந்த குணங்களை மனம் தானே எடுத்துப் புதியவருக்குச் சேர்த்துவிட்டது. அப்படியிருக்க, ஒப்பிடாதே என்று ஒருவரிடம் சொல்வதில் பயன் அதிகம் இல்லை. தான் ஒப்பிடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இதன் வேலையை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பழைய காதலன் வாட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்துவிட்டு மணிக்கணக்கில் பதில் போடாதவன். கடைசி மாதங்களில் அந்த மௌனமே பிரிவின் அறிவிப்பாக இருந்தது. இப்போது அவர் வாழ்க்கையில் புதிதாக ஒருவர் வருகிறார். செய்தி போன இரண்டாவது நிமிஷம் பதில் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு மனம் குளிர்ந்துபோகிறது. இவர் அவனைப் போல இல்லை என்று தோழியிடம் சொல்கிறார். அந்த வாக்கியத்தில் புதியவரைப் பற்றிய செய்தி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அவர் உடனே பதில் போடுவது அன்பினாலும் இருக்கலாம், வேலை இல்லாததாலும் இருக்கலாம், எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று விடாமல் கண்காணிக்கும் குணத்தினாலும் இருக்கலாம். பழையவனின் குறையை வைத்து அளக்கும்போது இந்த மூன்றும் ஒன்றுபோலவே இனிக்கும். இதையே திருப்பிப் போடுங்கள். புதியவர் ஷிப்டில் வேலை செய்பவர், உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நான்கு மணி நேரம் பதில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு வயிற்றைப் பிசைகிறது, மறுபடியும் ஆரம்பமாகிவிட்டது என்று தோன்றுகிறது. நடந்தது, பதில் வரவில்லை என்பது மட்டுமே. இவருக்கு என்மேல் பிடிப்பு விட்டுப்போயிற்று என்பது பழைய உறவு எழுதிக்கொடுத்த முடிவு.

இந்த இடத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நடந்ததைத் தனியாகவும், அதிலிருந்து நான் முடிவு செய்ததைத் தனியாகவும் எழுதிப் பார்க்கலாம். பிறகு அந்த முடிவுக்குப் புதியவரின் நடத்தையிலேயே ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லையென்றால் அவரையே கேட்டுவிடலாம். 'ஷிப்டுல இருக்கும்போது போன் பார்க்க முடியாதா?' என்ற ஒரு கேள்வி, ஓர் இரவு முழுக்கப் புரண்டு படுப்பதை மிச்சப்படுத்தும். இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். புதியவரைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லுங்கள். அதில் பழையவர் எந்த வடிவத்திலும் வரக்கூடாது. 'குடிக்கமாட்டார்', 'கத்தமாட்டார்', 'அம்மா பேச்சைக் கேட்டு ஆடமாட்டார்' என்று இல்லாததையே அடுக்கினால், அது பழையவரின் குறைப்பட்டியலைத் தலைகீழாக வாசிப்பதுதான். அவருக்கு எதில் ஆர்வம், எதற்குக் கோபம் வரும், பணத்தை எப்படிச் செலவழிக்கிறார், யாரிடம் மரியாதையாகப் பேசுகிறார் என்று ஐந்து வாக்கியம் வந்துவிட்டால், அவரை நீங்கள் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒப்பீட்டில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. தராசின் ஒரு தட்டில் இருப்பவர் நேற்றுச் சண்டை போட்ட, இன்று காலையில் காபி ஆறிவிட்டது என்று முணுமுணுத்த ஆள். மறுதட்டில் இருப்பது ஒரு நினைவு. சம்பவங்களோடு ஒட்டியிருக்கும் கசப்பு, இனிப்பைவிடச் சீக்கிரம் மங்கிவிடுகிறது என்பதை நினைவாற்றல் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அதனால் முறிந்த உறவு நாள் ஆக ஆக நாம் வாழ்ந்ததைவிட அழகாகத் தெரியலாம். டொராண்டோவில் ஸ்டெஃபனி ஸ்பீல்மனும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இப்போதைய உறவு சரியில்லாதபோது முன்னாள் துணையின் மேல் ஏக்கம் கூடுகிறது, அந்த ஏக்கம் இருந்தால் இப்போதைய உறவு மேலும் தளர்கிறது என்று, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுப்பதை அவர்கள் கண்டார்கள். எனவே சண்டை நாளில் பழைய முகம் மனதில் வந்து நின்றால், பழையவரே மேல் என்பதற்கு அது சான்று ஆகாது. இன்றைய சண்டை எவ்வளவு வலித்தது என்பதைத்தான் அது சொல்கிறது.

இனி அந்த ஒரு வருஷக் கணக்கு. பிரிந்த வேகத்தில் இன்னொரு உறவா, அது ரீபவுண்ட், நிலைக்காது என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் அதே பிரம்பாவும் ஃப்ராலியும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிவுக்குப் பின் புதிய உறவில் இருந்தவர்களுக்குத் தன்மேல் நம்பிக்கை கூடுதலாகவும், பழையவரைப் பற்றிய தத்தளிப்பு குறைவாகவும் இருந்தது. சீக்கிரம் புதிய உறவுக்குப் போனவர்கள் மனநலத்தில் பின்தங்கியிருக்கவில்லை. ஸ்பீல்மன் 2009-இல் செய்த ஆய்வோ, கைவிடப்படுவோமோ என்ற அச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு, புதிதாக ஒருவர்மேல் கவனம் திரும்புவது பழைய பிடியிலிருந்து விடுபட உதவுகிறது என்று காட்டியது. மனத்தெளிவு உள்ளவர்களுக்குத்தானே சீக்கிரம் துணை கிடைக்கும், உறவினால் தெளிவு வந்தது என்று எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015 ஆய்வால் அதைத் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனால் சீக்கிரம் வந்த உறவு எல்லாமே போலி என்ற தீர்ப்புக்கு அதில் இடம் இல்லை என்பது உறுதி.

அப்படியானால் எதை வைத்து அறிவது? உங்கள் மகிழ்ச்சிக்குப் பார்வையாளர் யார் என்று பாருங்கள். இருவரும் சேர்ந்து எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, பார்த்தவர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயரை மட்டும் தேடுகிறீர்களா? அந்தப் பெயர் இல்லையென்றால் படம் போட்ட சந்தோஷமே வடிந்துவிடுகிறதா? பழையவருக்கு நிச்சயதார்த்தம் என்று கேள்விப்பட்ட வாரத்தில், உங்களுக்கும் சீக்கிரம் தேதி குறிக்க வேண்டும் என்று திடீரென்று தோன்றுகிறதா? புதியவர் உங்களை எவ்வளவு விரும்புகிறார் என்பது மனப்பாடமாகத் தெரிந்து, அவருடைய கவலை என்ன என்பது தெரியாமல் இருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வந்தால், அந்த உணர்ச்சி புதியவர் வழியாகப் பழையவரோடு பேசிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்திலும் அப்படி இருக்கலாம், இரண்டு வருஷத்திலும் இருக்கலாம்.

அடிவாங்கி வெளியே வந்த ஒரு பெண் ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படித் தன்னைக் காத்துக்கொள்வாள் என்று ஒரு கேள்வி எழும். இது வலுவான கேள்வி. சாயல் சில நேரம் உண்மையாகவே இருக்கும். ஜெர்மனியில் 332 பேரின் முன்னாள் துணையும் இந்நாள் துணையும் தத்தம் குணத்தைப் பற்றித் தாங்களே சொன்னதை வைத்து, யூபின் பார்க்கும் ஜெஃப் மெக்டொனால்டும் 2019-இல் ஆராய்ந்தார்கள். இரண்டு துணைகளுக்கும் இடையே குண ஒற்றுமை இருந்தது. ஆகவே எச்சரிக்கையை வெறும் பிரமை என்று தள்ளிவிடச் சொல்லவில்லை. அனுபவத்திலிருந்து பாடத்தை எடுங்கள், ஆளை எடுக்காதீர்கள். கை நீட்டுபவரோடு வாழமாட்டேன் என்பது பாடம். பழையவரின் பெயரை நீக்கிவிட்டாலும் அது நிற்கும், யாருக்கும் பொருந்தும். இவர் சிரிப்பது அவன் சிரிப்பதுபோல இருக்கிறது, அதனால் பயமாக இருக்கிறது என்பதில் பெயரை நீக்கினால் எதுவும் மிஞ்சாது. புதியவர் உண்மையிலேயே மிரட்டினார், தள்ளினார், பணத்தைப் பிடுங்கினார் என்றால், யாரோடும் ஒப்பிடாமலேயே விலகப் போதுமான காரணம் அது.

ஒப்பீட்டைப் புதியவரிடம் வாய்விட்டுச் சொல்லாதிருப்பதும் முக்கியம். 'அவரைவிட நீங்க எவ்வளவோ மேல்' என்ற பாராட்டுகூட, தான் பார்த்தே இராத ஒருவரோடு அவரைப் போட்டியில் நிறுத்துகிறது. இன்று முதலிடம் பெற்றவர் நாளை எப்போது இறக்கப்படுவோமோ என்று அஞ்சத் தொடங்குவார். உங்கள் உணர்ச்சி பழையவரைப் பார்த்து நிற்கிறது என்று தெரிந்துவிட்டாலும், உடனே உறவை முறித்துவிட வேண்டியதில்லை. கல்யாணத் தேதி, சேர்ந்து வாங்கும் கடன், வேலையை விட்டு ஊர் மாறுவது போன்ற திருப்பி எடுக்க முடியாத முடிவுகளை மட்டும் தள்ளிப் போடுங்கள். காரணத்தை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். பழைய உறவின் கணக்கைத் தீர்க்க வேண்டியவர் நீங்கள்தான். அந்தப் பாக்கியைப் புதிதாக வந்தவரிடம் வசூலிக்காதீர்கள்.