அண்டாவில் மிஞ்சியதும் தட்டில் மிஞ்சியதும்

(சன்மார்க்க சங்கத்தின் மாதப் பூச வழிபாட்டில் ஆற்றிய உரை)



அகவல் பாராயணம் முடிந்தது. இன்னும் சற்று நேரத்தில் பந்தி போடப் போகிறோம். பந்திக்கு முன்னால் பேச வேண்டிய ஒன்றைப் பந்திக்கு முன்னாலேயே பேசிவிடுகிறேன்.

போன பூசத்தன்று எல்லோரும் போன பிறகு நானும் சமையற்கட்டில் இருந்த மூன்று பேரும் பழைய பேப்பர்காரரின் தராசை வாங்கி வந்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்த்தோம். இத்தனை வருடம் அன்னதானம் செய்கிறோம், போட்ட அரிசிக்குக் கணக்கு வைத்திருக்கிறோம், கொட்டியதற்கு ஒரு நாளும் கணக்கு வைத்ததில்லை. அன்று 250 பேர் வருவார்கள் என்று 30 கிலோ அரிசி போட்டோம். மழை பிடித்துக்கொண்டது, வந்தவர்கள் 170 பேர். அண்டாவில் கை படாமல் மிஞ்சிய சோறு 20 கிலோ. இலைகளிலும் தட்டுகளிலும் இருந்து வழித்துச் சேர்த்தது, கூட்டு பொரியலோடு சேர்த்து, 11 கிலோ.

அண்டாவில் மிஞ்சியதற்கு மழையைச் சொல்லலாம். தட்டில் மிஞ்சிய 11 கிலோவுக்கு யாரைச் சொல்வது? ஆளுக்குக் கணக்குப் போட்டால் 65 கிராம்தான் வருகிறது, ஒரு பிடி. ஒரு பிடி மிச்சம் வைத்த யாரும் தான் சோற்றை வீணாக்கியதாக நினைத்திருக்க மாட்டார். ஆனால் அந்தப் பிடிகளைச் சேர்த்தால் ஏறக்குறைய முப்பது பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. முப்பது பேருக்குச் சமைத்து, பரிமாறி, குழியில் கொட்டியிருக்கிறோம். வள்ளற்பெருமான் பெயரைச் சொல்லி.

1867-ஆம் வருடம் மே 23-ஆம் தேதி பெருமான் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே போய்ச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அது விருந்து இல்லை. பசிக்கு மருந்து. பெருமான் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தைப் படித்தால், பசி வந்தவனுக்குக் கண்ணில் என்ன ஆகிறது, காதில் என்ன ஆகிறது, வயிற்றில் என்ன ஆகிறது என்று ஒரு வைத்தியர் நோயைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போவார். மருந்தை யாராவது அளக்காமல் ஊற்றுவார்களா? நாம் மட்டும் அளவில்லாமல் போடுவதைத் தாராளம் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தோம்?

நான் யோசித்துப் பார்த்ததில், அண்டாவில் மிஞ்சுவதற்குப் பேராசை காரணம் இல்லை, பயம்தான் காரணம். வந்தவருக்குச் சோறு இல்லை என்று சொல்ல நேர்ந்துவிடுமோ என்ற பயம். அது நல்ல பயம்தான். அதற்கு வழி அரிசியைக் கூடுதலாக உலையில் போடுவது அல்ல. கூடுதலை வேகாத பொருளாகக் கையில் வைத்துக்கொள்வது.

அடுத்த பூசத்துக்கு நாங்கள் போட்டிருக்கும் திட்டத்தைச் சொல்கிறேன். கடந்த ஆறு பூசங்களில் வந்தவர்களைப் பதிவேட்டில் பார்த்தோம். சராசரி 180 பேர். புழுங்கல் அரிசி ஆளுக்கு 120 கிராம் என்றால் 22 கிலோவுக்குள் அடங்கிவிடும். அந்த 22 கிலோவையும் ஒரே உலையில் போடப் போவதில்லை. முதல் உலையில் 16 கிலோ, 130 பேருக்கு. மீதி 6 கிலோவை அளந்து சாக்கிலேயே வைத்திருப்போம். ஊறவும் போட மாட்டோம். ஊறிய அரிசியைத் திரும்பச் சாக்கில் கொட்ட முடியாது, வேகாத உலர்ந்த அரிசி அடுத்த மாதத்துக்கு ஆகும். பக்கத்து அடுப்பில் உலைத்தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். முதல் பந்தி உட்கார்ந்ததும் ஒருவர் தலை எண்ணுவார், இன்னொருவர் மண்டபத்தில் காத்திருப்பவர்களை எண்ணுவார். அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் இரண்டாவது உலையில் அரிசி விழும், அதுவும் தேவையான அளவு. முதல் பந்தி சாப்பிட்டு எழுந்து, இடம் துடைத்து, இரண்டாவது பந்தி உட்காருவதற்குள் அது வெந்துவிடும்.

அப்படியும் எண்ணிக்கை தாண்டிப் பேருந்தில் ஒரு கூட்டம் வந்து இறங்கினால்? அதற்காக 5 கிலோ ரவை தனியாக இருக்கிறது. தாளித்துக் கிளறினால் கால் மணி நேரத்தில் உப்புமா. யாரும் பசியோடு போக மாட்டார்கள். யாரும் வராவிட்டால் ரவை டப்பாவிலேயே இருக்கும்.

பூசம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் வெளியூர்க்காரர்கள் கூடுவார்கள். நடவும் அறுப்பும் நடக்கும் நாட்களில் நம் ஊர்க்காரர்களே வர முடியாது. இதையும் பார்த்து முதல் உலையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சாப்பிடும் சமையற்காரர்களையும் பரிமாறியவர்களையும் எண்ணிக்கையில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். போன வருடம் ஒருமுறை சோறு சரியாகத் தீர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். பாத்திரம் கழுவிய அம்மாவுக்கு அன்று ரசம் மட்டும்தான் கிடைத்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மிஞ்சிய சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அண்டாவில் கை படாமல் இருந்தது மட்டுமே அடுத்தவருக்குக் கொடுக்கத் தக்கது. பந்திக்கு வாளியில் போய்த் திரும்பியது ஆகாது. மூடிவைத்த சூட்டில் சோறு சீக்கிரம் கெடும். ஆகவே பந்தி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்கு ஆளும் வண்டியும் காலையிலேயே பேசிவைக்க வேண்டும். சோறு பிசுபிசுத்து நீர் விட்டிருந்தால், சாம்பாரில் மேலே நுரை கட்டியிருந்தால், அதைப் புண்ணியத்தின் பெயரால் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆனால் கெடும் அறிகுறி தெரியவில்லை என்பதற்காக மாலைவரை வைத்திருந்து கொடுக்கவும் கூடாது. கெட்ட சோறு எப்போதும் வாடை காட்டிவிட்டுத்தான் கெடும் என்று சொல்ல முடியாது.

இனி தட்டில் மிஞ்சுவது. இதில் பரிமாறுகிறவர்களின் பங்கு பெரியது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆள் உட்காரும் முன்பே இலை போட்டுக் கூட்டு, பொரியல், ஊறுகாய் எல்லாம் வைத்து முடித்துவிடுகிறோம். அங்கே உட்காருகிறவர் கத்திரிக்காய் சாப்பிடாதவராக இருக்கலாம், நாலு வயதுக் குழந்தையாக இருக்கலாம். இனி ஆள் உட்கார்ந்த பிறகே பரிமாற்றம். பெரிய கரண்டியை எடுத்துவைத்துவிட்டு, அதில் பாதி பிடிக்கும் கரண்டியை வாங்கியிருக்கிறோம். முதல் சுற்றில் ஒரு கரண்டி. கேட்டால் இரண்டு, மூன்று, எத்தனை வேண்டுமானாலும். ஒருவர் கையால் மறைத்து ‘போதும்’ என்றால் அது போதும்தான். உபசாரம் என்று அதற்கு மேலும் ஒரு கரண்டி கவிழ்ப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்தக் கடைசிக் கரண்டிதான் குழிக்குப் போகிறது. ஆனால் இரண்டாவது சுற்று உண்மையாகவே வர வேண்டும். வராது என்று தெரிந்தால் முதல் முறையே எல்லோரும் கூடுதலாகக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது தட்டு. அடுத்த பூசத்திலிருந்து சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து தட்டும் தம்ளரும் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும், பந்தியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. அது தெரிந்தும் அவசரத்துக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம். அதை நிறுத்துவது ஒரு காரணம். எனக்கு முக்கியமான காரணம் வேறு. இலையை மடித்துவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. தூக்கிப் போட்டுவிட்டுக் கை கழுவிவிடலாம். சொந்தத் தட்டை மடிக்க முடியாது. மிச்சம் வைத்தால் நாமே வழித்து, நாமே கழுவி, நாமே வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். தன் தட்டின் கொள்ளளவு அவரவருக்குத் தெரியும். வீட்டில் அதில் எவ்வளவு சாப்பிடுவோம் என்பதும் தெரியும்.

இதை அறிவித்தபோது ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ‘ஐயா, சின்ன வயதில் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனிக் குவளை. சில கடையில் நாங்களே கொட்டாங்குச்சி கொண்டுபோக வேண்டும். பாத்திரம் கொண்டுவா என்றால் எனக்கு அது ஞாபகம் வருகிறது’ என்றார். எனக்கு நா எழவில்லை. அவர் சொன்னது இந்தத் திட்டத்தின் உயிர்நிலை. ‘உன் பாத்திரத்தை நீ கொண்டுவா’ என்ற வார்த்தைக்கு நம் மண்ணில் ஒரு கொடுமையான வரலாறு இருக்கிறது. சாதியையும் சமயத்தையும் பொய் என்று சொன்ன பெருமானின் சபையில் அந்த நிழல் கூட விழக் கூடாது.

ஆகவே அந்தப் பெரியவரையும் உட்காரவைத்துக்கொண்டு சில முறைகளை வகுத்தோம். தட்டு கொண்டுவருவது விருந்தினருக்கு இல்லை, அங்கத்தினருக்கு. அவர்களில் தலைவர், பொருளாளர், பெரிய நன்கொடையாளர் யாருக்கும் விலக்கில்லை. சங்கத்தில் 60 எவர்சில்வர் தட்டு இருக்கும். பசித்து வருகிறவர், வழிப்போக்கர், கூலி வேலையிலிருந்து நேரே வருகிறவர், மறந்துவிட்டு வந்த அங்கத்தினர், எல்லோருக்கும் அதே தட்டு. வாசலில் ‘தட்டு எங்கே’ என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. எல்லாத் தட்டும் ஒரே இடத்தில், ஒரே வரிசைத் தொட்டிகளில் கழுவப்படும். முதல் தொட்டிக்கு முன்னால் ஒரு வாளி. மிச்சத்தை வழித்து அதில் போட்ட பிறகுதான் தண்ணீர். பிறகு சீயக்காய் போட்டுத் தேய்ப்பது, பிறகு அலசுவது, கடைசியில் குழாய்த் தண்ணீர். அலசும் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் உடனே மாற்ற வேண்டும். தலைவர் தட்டை இன்னொருவர் வாங்கிக் கழுவினால் இந்தத் திட்டம் அன்றே செத்துப்போகும். ஆகவே அடுத்த பூசத்தில் தொட்டியடியில் முதல் ஆளாக நான் நிற்பேன்.

வாழையிலையை விட்டுவிடலாமா என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். இலை மண்ணோடு போகிற பொருள், மாடும் தின்னும். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தைப்பூசத்தன்று ஆயிரம் பேர் வரும்போது தட்டு கழுவத் தண்ணீரும் ஆளும் நமக்குப் போதாது. அன்று இலையே போடுவோம். கரண்டி மட்டும் அன்றும் சின்னக் கரண்டிதான்.

அந்த வழிக்கும் வாளியை ஒவ்வொரு பூசத்திலும் நிறுத்து, எடையைப் பதிவேட்டில் வந்தவர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதப் போகிறோம். யார் தட்டில் எவ்வளவு என்று பார்க்க மாட்டோம். சாப்பிடும்போது ஒருவரைக் கண்காணிப்பது பெரிய பாவம். மொத்த எடை மட்டும்தான். இன்றைக்கும் தராசு வந்திருக்கிறது.

வரும் பூசத்துக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள், உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர், அதில் குழந்தைகள் எத்தனை பேர் என்று சபை வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிடுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள். வரும்போது தட்டும் தம்ளரும் எடுத்து வாருங்கள். எழுதாமல் வந்தாலும் வாருங்கள், சோறு இருக்கும்.