திறந்த கதவும் வகுப்பு அட்டவணையும்

புதிதாக எழும் இறையியல் கல்லூரியின் நோக்க அறிக்கையில், "இறைமக்கள் அனைவருக்கும் இக்கல்லூரி திறந்திருக்கும்" என்றொரு வாக்கியத்தைச் சேர்க்க நாம் விரும்புகிறோம். எழுதுவது எளிது. எழுதிய அந்நேரமே அது வாக்குறுதியாகிவிடுகிறது.

திருச்சபைப் பல்கலைக்கழகங்களிலும் இறையியல் புலங்களிலும் பயின்று பட்டம் பெறும் உரிமை பொதுநிலையினருக்கு உண்டென்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 229ஆம் எண் கூறுகிறது. எனவே திறந்த கதவை நம் தயவாகக் காட்டிக்கொள்வது பொருந்தாது. ஆனால், குருமட மணியோசைக்கேற்ப வார நாள்களின் முற்பகலிலேயே வகுப்புகள் அனைத்தும் நடக்குமாயின், பள்ளி ஆசிரியை ஒருவர் எப்போது வந்து பயில்வார்? குருமாணவரின் செலவை மறைமாவட்டமோ துறவற சபையோ பார்த்துக்கொள்ளும். இவருடைய கட்டணத்தை யார் ஏற்பது? பட்டம் பெற்றபின் இவருக்கு எங்கே பணி? (இக்கடைசிக் கேள்வியைத்தான் நாம் கூசாமல் தவிர்த்துவிடுகிறோம்.)

அவ்வாக்கியத்தை மாற்றி எழுதிப் பார்ப்போம்: "மாலையிலும் சனிக்கிழமையிலும் நடைபெறும் பாடங்களைக் கொண்டே பொதுநிலையினர் பட்டப் படிப்பை முடிக்கலாம், ஆண்டுதோறும் அவர்களுள் ஐவருக்குக் கட்டணம் இல்லை." இதில் அழகு குறைவுதான். ஆயினும், பத்தாண்டுகளுக்குப்பின் எவரும் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி, சொன்னது நடந்ததா என்று பார்த்துவிடலாம். மாலையில் கற்பிக்கப் பேராசிரியர் கிடைக்கவில்லையெனில், "தற்போது குருமாணவருக்கு மட்டும்" என்றே எழுதிவிடுவோம். கிடைத்தாலும் மாலைப் படிப்பில் பட்டம் பெற ஆண்டுகள் கூடும். அதனை விண்ணப்பிக்க வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.