அவளுடைய பதில்கள்

ஸ்கிரிப்ட் தாளை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பத்திகளாகப் பிரிப்பார்கள். இடது பக்கம் திரையில் தெரிவது, வலது பக்கம் காதில் விழுவது. பழைய கடிதங்களை வைத்து விவரணப்படம் எழுதும்போது வலது பத்தி விறுவிறுவென்று நிரம்பிவிடும். இடது பத்திதான் சிக்கல்.

நண்பர் ஒருவரின் அப்பப்பா மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். 1936இலிருந்து 1941 நவம்பர் வரை ஈப்போவிலிருந்து யாழ்ப்பாணத்திலிருந்த மனைவிக்கு அவர் எழுதிய 31 கடிதங்களும் ஒன்பது புகைப்படங்களும் எஞ்சியிருக்கின்றன. அவற்றை வைத்து இருபது நிமிடப் படம். கணக்கு எளிது. ஒரு அசையாப் படத்தை எட்டு விநாடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருப்பது கடினம். ஒரு புகைப்படத்திலிருந்து முகம், கை, பின்னால் நிற்கும் சைக்கிள் என்று நான்கு துண்டுகள் எடுத்தாலும் ஒன்பது படங்கள் ஐந்து நிமிடத்துக்குக்கூடப் போதாது. மீதிப் பதினைந்து நிமிடத்துக்கு என்ன காட்டுவது?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, அக்காலத்து ஈப்போவின் வேறு படங்களை வாங்கிச் செருகுவது. பரீட்சித்துப் பார்ப்பதற்காக, வெள்ளைக் கோட்டுடன் ரயில் நிலையத்தில் நிற்கும் யாரோ ஒருவரின் படத்தைக் கடிதக் குரலின்மேல் வைத்து நண்பரின் மகளுக்குப் போட்டுக் காட்டினோம். "இதுதானா பூட்டன்?" என்று கேட்டாள். நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் கடிதம் அவருடையது என்றால் முகமும் அவருடையது என்றுதான் கண் எடுத்துக்கொள்கிறது. அந்தப் படத்தை எடுத்துவிட்டோம். தெருவும் கட்டடமும் இருக்கலாம், அடையாளம் தெரியாத மனித முகம் கூடாது என்று முடிவு செய்தோம்.

சொந்தப் படங்களிலும் இதே கவனம் தேவை. சைக்கிளோடு நிற்கும் படத்தை 1938 கடிதத்துக்கு நேரே வைக்கவே எவருக்கும் கை போகும். அதில் அவர் கட்டியிருக்கும் கைக்கடிகாரம்தான் உண்மையைச் சொன்னது. முதன்முதலாகக் கடிகாரம் வாங்கிய செய்தியை அவர் 1940இல்தான் எழுதுகிறார்.

புகைப்படமே சாட்சி என்று நம்புகிறவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு படத்தை நினைத்துக்கொள்ளலாம். 1863இல் கெட்டிஸ்பர்க்கில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த, பாறைகளுக்கிடையே இறந்துகிடக்கும் வீரனின் படம். அந்த உடல் வேறிடத்திலிருந்து தூக்கிவந்து அங்கே கிடத்தப்பட்டது என்பதை, அதே உடலின் மற்றப் படங்களோடு ஒப்பிட்டு வில்லியம் ஃப்ராசனிட்டோ 1975இல் காட்டினார்.

அதே போரைப் பற்றிக் கென் பர்ன்ஸ் எடுத்த தொடர் 1990இல் வந்தது. அசையாப் படத்தின்மேல் கமெராவை மெல்ல நகர்த்தும் அவருடைய முறைக்கு அவர் பெயரையே சூட்டி மென்பொருள்கள் ஒரு பொத்தானாகத் தருகின்றன. பொத்தானைத் தட்டினால் படம் நகரும். எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அத்தொடரில் பலரை அழவைத்தது, சல்லிவன் பலோ என்ற அதிகாரி 1861 ஜூலையில் மனைவி சாராவுக்கு எழுதிய கடிதம். படத்தில் ஒலிப்பது சுருக்கிய வடிவம். தந்தையின் அன்பை அறியாமல் வளரப்போகும் தன் சிறு பையன்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி அதில் இல்லை. வெட்டியதால் கடிதம் கூர்மையானது உண்மை. ஆனால் அங்கே ஒரு கணவன் மட்டும் எஞ்சினான், தகப்பன் போய்விட்டான். சாரா மறுமணம் செய்யாமல் 1917 வரை வாழ்ந்தவர். அவருடைய குரலும் அங்கே இல்லை.

எங்கள் படத்திலும் அதுதான் பெரிய கேள்வி. மனைவி எழுதிய கடிதங்கள் யப்பானியர் காலத்தில் மலாயாவிலேயே தொலைந்துவிட்டன. ஒரு நடிகையை வைத்து அவள் பதில்களை எழுதிப் படிக்கவைப்போம் என்றார் நண்பர். பாவம், அவள் பேசாமலேயே போய்விடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் நான் எழுதினால் அது என் காலத்துப் பெண்ணின் கோபமாகவும் என் தமிழாகவும் இருக்கும். பேரப்பிள்ளைகள் அதையே அவள் கடிதம் என்று நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

ஆகவே அவருடைய கடிதங்களுக்குள்ளேயே அவளைத் தேடினேன். 'கிணற்றுக்குக் கட்டுக் கட்ட எவ்வளவு முடியும் என்று கேட்டிருந்தீர்.' 'காசுக்கட்டளை பிந்தியதற்குக் குறைப்பட்டிருந்தீர்.' இப்படிப் பதில்களுக்குள் அவளுடைய கேள்விகள் கிடக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தி, 'அவள் கேட்டிருக்கிறாள்' என்று கதைசொல்லியின் வாயிலாக மட்டும் தருகிறேன். அவருடைய சொல்லில் வருவதால் அவை அவளுடைய சொற்கள் ஆகா. அவர் மெருகிட்டுமிருக்கலாம். ஆனாலும் அவள் கேட்காத எதுவும் அதில் இல்லை.

அவளுக்கென்று இருப்பது ஒரே படம். எழுபதுகளில் அடையாள அட்டைக்கு எடுத்தது. இளம் மனைவியின் கேள்விகளுக்கு அந்தக் கிழவியின் முகத்தை வைத்தால் முப்பது வருடக் காத்திருப்பை நானே கற்பித்தது போலாகும். கடிதங்கள் முடிந்த பிறகுதான் அந்தப் படம் வருகிறது.

1941இன் கடைசிக் கடிதங்களில் ஒன்றில், 'எப்போது வருவீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேளாதேயும்' என்று அவர் சினந்திருக்கிறார். ஒவ்வொரு கடிதத்திலும் அவள் கேட்டிருக்கிறாள். அந்த வரிக்கு நேரே, இடது பத்தியில், 'கறுப்புத் திரை, பன்னிரண்டு விநாடி' என்று எழுதியிருக்கிறேன். நண்பர் இன்னும் சம்மதிக்கவில்லை.