போய்ட்டு வரேன் என்று எழுத முடியாத கடிதம்

என் தோழி 2017-இல் பெர்த் நகருக்குப் படிக்கப் போனாள். தேவார வகுப்பிலிருந்து படிவம் ஆறு வரை நாங்கள் ஒன்றாகவே இருந்தவர்கள். முதல் வருஷம் தினமும் பேசினோம். அப்புறம் வாரம் ஒரு முறை, அப்புறம் பிறந்தநாளுக்கு மட்டும். கடைசி மூன்று வருஷம் தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம் வரும், நானும் ஒரு விளக்குப் படம் அனுப்புவேன். அவ்வளவுதான். பெர்த்துக்கும் நமக்கும் மணி வித்தியாசம்கூட இல்லை. "அவள் தூங்கியிருப்பாள்" என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் குழப்பமே. திருக்குறளில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் நட்பைப் பற்றியவை. தீய நட்பை விட்டுவிடச் சொல்கிறார் வள்ளுவர், பழைய நட்பைப் போற்றச் சொல்கிறார். அருகில் இருந்து பழகுவது முக்கியமில்லை, உணர்வு ஒன்றாயிருந்தால் போதும் என்றும் சொல்கிறார். அந்தக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் உதாரணம் காட்டுகிறார். நேரில் பார்க்காமலே நண்பர்களானவர்கள் அவர்கள். சோழன் வடக்கிருந்தபோது தன் நண்பருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் பாண்டிய நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, தூரத்தால் நட்பு தேய்ந்தால் யாரோ துரோகம் செய்த மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர்களை ஒன்றாக வைத்திருந்தது உணர்வு. எங்களிடம் தேய்ந்ததும் அதுதான். தூரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

போன வருஷம் விடைபெற்று ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் வந்தது. என் திருமணத்துக்கு வரவில்லை, அப்பா மருத்துவமனையில் இருந்தபோது கேட்கவில்லை என்று வரிசையாக எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "இது என்னடி, கடிதமா, பில்லா?" என்றாள். "அப்பாவுக்கு முடியலன்னு நீ அவகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அவளாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தேன். மௌனத்தில் பாதி என்னுடையது.

அக்கா இன்னொன்றும் கேட்டாள். "இதுக்குப் பதிலே வராதுன்னு வெச்சுக்க. உனக்கு எப்படி இருக்கும்?" நண்பர்களே, இது நல்ல சோதனை. பதில் வராவிட்டால் கோபம் வரும் என்றால் நாம் எழுதுவது விடைபெறும் கடிதம் இல்லை, திரும்பி வா என்ற அழைப்பு. அப்படியானால் கடிதத்தைக் கிழித்துவிட்டு நேராகப் போன் போடுவதுதான் நேர்மை. அவள் ஏதாவது கஷ்டத்தில் இருந்து பேசாமல் இருக்கிறாளோ என்ற சந்தேகம் இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். நான் போன் போட்டேன். நன்றாகத்தான் இருந்தாள். பத்து நிமிஷம் மரியாதையாகப் பேசினோம். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகு எழுதியது ஒரே பக்கம். திருமுறைப் போட்டியில் நான் மேடையில் வரி மறந்து நின்றபோது, கீழேயிருந்து வாயசைத்து எடுத்துக் கொடுத்தாளே, அதை எழுதினேன். என் பங்கு மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் இப்படி: "நாம இப்ப பழைய மாதிரி இல்ல, அது யார் தப்பும் இல்ல. கடமைக்காக நீ எனக்கு வாழ்த்து அனுப்ப வேண்டாம், நானும் அனுப்பல. எப்பவாவது நிஜமா பேசணும்னு தோணினா கூப்பிடு, எடுப்பேன்." கேள்வி எதுவும் வைக்கவில்லை. கேள்வி வைத்தால் அவள் பதில் சொல்லக் கடமைப்பட்டுவிடுவாள்.

முடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நம் வீடுகளில் "போறேன்" என்று சொல்ல விடமாட்டார்கள், "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வருவேன் என்று நினைக்காமல் அதை எழுதினால் பொய். "நன்றி" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புலனத்தில் அனுப்பாமல் தபாலில் போட்டேன். நீலக் குறி வந்ததா என்று நாளைக்கு நாற்பது தடவை பார்த்திருப்பேன், எனக்கே தெரியும்.

எழுதாமலே விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலான நட்புகளுக்கு அதுவே போதும். ஆனால் வருஷா வருஷம் இல்லாத அன்பை இருப்பதாகக் காட்டி இருவரும் படம் அனுப்பிக்கொண்டிருந்தோம். முன்பு இருந்த உண்மையான அன்பை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கேலியாக்கிக்கொண்டிருந்தது. நான் நிறுத்த விரும்பியது அதைத்தான்.

இந்தத் தீபாவளிக்கு விளக்குப் படம் வரவில்லை. மனம் கொஞ்சம் கனத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் வரவில்லை. அந்த மேடை ஞாபகம் வந்தது.