நம்பாத சொல்லைக் கடவுளிடம் சொல்லலாமா?

யூதர்களின் அன்றாட வழிபாட்டுக்கு நடுவில் இருப்பது நின்றுகொண்டே சொல்லும் ஒரு ஜெபம். பெயரே அமீதா, அதாவது ‘நிற்றல்’. ‘பதினெட்டு’ என்ற பொருளில் ஷெமோனே எஸ்ரே என்றும் சொல்வார்கள். ஆனா எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது ஆசிகள் இருக்கும். பின்னாளில் ஒன்று கூடிவிட்டது. பெயரை யாரும் மாற்றவில்லை. ஆசி என்றதும் பெரியவர் சின்னவருக்குத் தருவது என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே மனிதன் கடவுளை வாழ்த்துகிறான், ஒவ்வொரு பத்தியும் அந்த வாழ்த்தில்தான் முடிகிறது.

காலை, பிற்பகல், இரவு என்று நாளுக்கு மூன்று வேளை, எருசலேம் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, இரண்டு பாதங்களையும் ஒட்டிவைத்து, உதடு அசைய, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் சொல்ல வேண்டும். முதல் மூன்று ஆசிகள் புகழ்ச்சி. நடுவில் பதின்மூன்று வேண்டுதல்கள்: அறிவு, மன்னிப்பு, உடல்நலம், விளைச்சல், நீதி இப்படி. கடைசி மூன்று நன்றியும் விடைபெறுதலும். எஜமானிடம் போகிற வேலைக்காரன் முதலில் புகழ்ந்து, பிறகு கேட்டு, வாங்கிக்கொண்டு கிளம்புவதைப் போல என்று தல்மூத் இந்த வரிசையை விளக்குகிறது.

இந்த உவமை எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கேட்க வேண்டியது இருப்பதால் புகழ்கிறோம் என்றால் அதற்கு நம்மூரில் வேறு பெயர் உண்டு. அதுவும் அந்தப் புகழ்ச்சி நம்முடையதே இல்லை, யாரோ எழுதிவைத்தது. இன்றைக்கு மனசு ஒத்துழைக்கிறதோ இல்லையோ, அதே சொற்களைத்தான் சொல்லியாக வேண்டும். அப்போ அது பொய்யில்லையா?

ஜெபத்தைத் தொடங்கும் விதத்தில் இதற்கு ஒரு துப்பு இருக்கிறது. வாய் திறப்பதற்கு முன் மூன்று அடி முன்னால் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டுமே என்று முதலில் மூன்று அடி பின்னால் போவது வழக்கமாகிவிட்டது. ஏன் மூன்று? வேதத்தில் மூன்று பேர் ‘கிட்டே போனார்கள்’ என்று வருவதை, இடைக்கால ஜெர்மனியில் வோர்ம்ஸ் நகரில் வாழ்ந்த ரபி எலியாசரின் பெயரால் காரணமாகச் சொல்கிறார்கள். சோதோமை அழிக்கப் போகிற கடவுளின் கிட்டே ஆபிரகாம் போகிறான். எகிப்தின் அதிகாரி யோசேப்பின் கிட்டே, அவன் தன் தம்பி என்று தெரியாமலே, யூதா போகிறான். கர்மேல் மலையில் பலிபீடத்தின் கிட்டே எலியா போகிறான்.

இதில் ஆபிரகாமைக் கவனியுங்கள். அவன் புகழப் போகவில்லை, சண்டை போடப் போகிறான். நல்லவனையும் கெட்டவனையும் சேர்த்து அழிப்பது உனக்கே அடுக்குமா என்று கேட்டு, ஐம்பது பேரில் ஆரம்பித்துப் பத்து பேர் வரை பேரம் பேசுகிறான். ஜெபத்துக்கு முன்னால் வைக்கும் அடிகளில் ஒன்று அவனுடையது என்றால், அங்கே நிற்பவன் வெறும் வேலைக்காரன் மட்டும் இல்லை.

இப்போது முதல் ஆசிக்குள் போகலாம். அங்கே கடவுளுக்கு மூன்று அடைமொழிகள் வரும்: கதோல், கிப்போர், நோரா. பெரியவர், வல்லவர், அஞ்சத்தக்கவர். உபாகமத்தில் மோசே சொல்கிற அதே மூன்று. ஆனால் எரேமியா தன் ஜெபத்தில் பெரியவர், வல்லவர் என்று சொல்லிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறான். தானியேல் பெரியவர், அஞ்சத்தக்கவர் என்கிறான், ‘வல்லவர்’ இல்லை. நெகேமியா புத்தகத்தில் மூன்றும் திரும்பி வந்துவிடுகின்றன.

சாதாரண வாசகர் கண்ணில் படாத விஷயம் இது. பாபிலோனிய தல்மூத்தில் யோமா என்ற நூலின் ரபிகளுக்குப் பட்டிருக்கிறது. அவர்கள் சொல்லும் கதை இப்படிப் போகிறது. அந்நியர்கள் கடவுளின் ஆலயத்திலேயே ஆட்டம் போடுவதை எரேமியா பார்த்தான். இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்று அந்தச் சொல்லை எடுத்துவிட்டான். (எரேமியா புத்தகத்தில் அந்த ஜெபத்தின்போது பாபிலோன் படை இன்னும் மதிலுக்கு வெளியேதான் நிற்கிறது. தல்மூத் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை.) தானியேல் அடிமை தேசத்தில் இருந்தான். தன் பிள்ளைகளை அந்நியர் அடிமையாக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் வல்லமை எங்கே என்று கேட்டு, அவன் பங்குக்கு ஒன்றை எடுத்தான்.

பிறகு ‘மகாசபையின் மனிதர்கள்’ என்று அழைக்கப்படும் முன்னோர்கள் வந்தார்கள். இல்லை, இதுதான் வல்லமை என்றார்கள்: கோபத்தை அடக்கிக்கொண்டு தீயவருக்கும் அவகாசம் தருவது. இத்தனை பேரரசுகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கூட்டம் பிழைத்துக் கிடப்பதே அச்சத்துக்குச் சான்று என்றார்கள். மூன்று சொற்களும் ஜெபத்துக்குத் திரும்பின.

உடனே தல்மூத் அடுத்த கேள்வியைக் கேட்கிறது. மோசே சொன்னதை வெட்ட எரேமியாவுக்கும் தானியேலுக்கும் என்ன துணிச்சல்? ரபி எலெயாசர் பதில் சொல்கிறார்: கடவுள் உண்மையானவர் என்று அவர்களுக்குத் தெரியும்; அதனால் அவரைப் பற்றி அவரிடமே பொய் சொல்ல அவர்களால் முடியவில்லை.

இந்தப் பதில் அந்த இருவரையும் கண்டிக்கவில்லை. அவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் என்றோ சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றோ சொல்லவில்லை. எடுத்தவர்களும் சரி, திருப்பி வைத்தவர்களும் சரி.

அதே தல்மூத்தில் எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. ரபி ஹனினா முன்னால் ஒருவர் ஜெபம் நடத்துகிறார். மூன்று அடைமொழி போதவில்லை அவருக்கு. கம்பீரமானவர், உறுதியானவர் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஹனினா பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, உன் எஜமானின் புகழை எல்லாம் சொல்லி முடித்துவிட்டாயா என்று கேட்கிறார். மோசே சொல்லி, மகாசபை ஜெபத்தில் வைத்திராவிட்டால் அந்த மூன்றைக்கூட நாம் சொல்லத் துணிந்திருக்க மாட்டோம் என்கிறார். லட்சக்கணக்கில் பொற்காசு வைத்திருப்பவனை வெள்ளிக்காசுக்காகப் புகழ்ந்தால் அது அவமானம் இல்லையா? ஆக, எழுதிவைத்த சொற்கள் அங்கே கிடப்பது முகஸ்துதியை ஊட்ட இல்லை, அதற்கு அணை போட.

சரி, ஆனால் மகாசபையின் விளக்கத்தை எல்லா நேரத்திலும் ஏற்க முடியுமா? பிள்ளையை இழந்து நிற்கும் ஒருத்தியிடம் போய், அவர் சும்மா இருந்ததுதான் அவருடைய வல்லமை என்று சொல்லிப் பாருங்கள். அது விளக்கம் இல்லை, கொடூரம்.

யூதச் சட்டம் இந்த இடத்தில் அப்படிச் செய்வதில்லை. வீட்டில் சாவு விழுந்து, உடல் இன்னும் அடக்கமாகாத நிலையில் இருக்கும் நெருங்கிய உறவினருக்கு அமீதா கிடையாது என்கிறது மிஷ்னா. இறந்தவருக்கான மரியாதை, அடக்கத்துக்கான வேலைகள் என்று உரையாசிரியர்கள் காரணம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதில் எரேமியாவின் சாயலும் தெரிகிறது: அந்த நேரத்தில் அந்த மூன்று சொற்களை ஒருவரின் வாயில் திணிக்காமல் இருக்கும் நாகரிகம். அடக்கம் முடிந்த பிறகு கடமை திரும்பிவிடும். துக்க வீட்டிலேயே பத்து பேர் கூடி நின்று ஜெபிப்பார்கள். அதே முதல் ஆசி, அதே கதோல், கிப்போர், நோரா. துக்கத்தில் இருப்பவருக்காக அதில் ஒரு சொல்லைக்கூட மென்மையாக்கியிருக்க மாட்டார்கள். அவர் அதை நம்பிச் சொல்கிறாரா, எதிர்த்துச் சொல்கிறாரா, சும்மா உதட்டை அசைக்கிறாரா என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மெல்லிய குரலில் சொல்வதன் பயன் அங்கேதான் எனக்குப் புரிகிறது.

முடியும்போது மறுபடி மூன்று அடி, இந்த முறை பின்னால். தலைகுனிந்து இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு நேரே. அபாயே என்ற அறிஞர் முதலில் தன் வலப்பக்கம் வணங்குவதை ராவா பார்த்துவிட்டார். உன்னுடைய வலது என்றா நினைத்தாய் என்று கேட்டார். உன் இடப்பக்கம்தான் முதலில். எதிரே நிற்பவருக்கு அதுதான் வலப்பக்கம்.