படம் மட்டும் வந்தது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் முதுகலைத் தமிழ் படித்த மாணவி ஒருத்தி, ஒரு புதன்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் ஒன்று அனுப்பினாள். மொழிபெயர்ப்பு வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை என்று சென்னை நிறுவனம் ஒன்று எழுதிய மின்னஞ்சல். படத்துக்கு முன்னால் ஒரு ‘மேம்’ இல்லை. பின்னால் ஒரு அழுகைப் பொம்மைகூட இல்லை. சமயநல்லூர் வீட்டில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறுதல் கேட்கிறாளா? ஏன் எடுக்கவில்லை என்று அவர்களிடம் பணிவாகக் கேட்டு எழுத உதவி வேண்டுமா? அடுத்து எங்கே விண்ணப்பிப்பது என்கிறாளா?

எனக்கு எது கைவருமோ அதைச் செய்தேன். நிறுவனத்துக்கு அனுப்ப ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவைத்தேன். இரண்டு நீலக்கோடுகள் விழுந்தன. மறுநாள் முழுக்கப் பதில் இல்லை.

அதன் பிறகுதான் படத்தை ஒழுங்காகப் படித்தேன். கைபேசியின் மேல்விளிம்பில் 11.38 என்றிருந்தது. மின்னஞ்சல் வந்த நேரம் பிற்பகல் 3.10. எட்டரை மணிநேரம் அதை வைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறாள். பாட்டரி ஆறு சதவீதம். கடிதம் அவளுடைய இரண்டாவது நேர்காணலுக்கு நன்றி சொல்லியது. கீழே ஒரு மனிதரின் பெயர் இருந்தது.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. விண்ணப்பித்த கையோடு, no-reply என்று தொடங்கும் முகவரியிலிருந்து மறுப்பு வந்தால், காரணம் கேட்க அங்கே ஆளே இல்லை. நேர்காணல்வரை போனவளை யாரோ பார்த்திருக்கிறார்கள், அவரிடம் கேட்கலாம். ஆனால் ‘ஏன் என்னை எடுக்கவில்லை?’ என்று கேட்டால், முடிவுக்கு நியாயம் சொல்லச் சொல்வதுபோல் ஆகிவிடும். வம்பு வருமோ என்று பயந்து பழைய வாக்கியத்தையே திருப்பி அனுப்புவார்கள். நன்றி சொல்லி, முடிவை ஏற்கிறேன் என்று காட்டி, ‘மொழிபெயர்ப்புத் தேர்விலா, நேர்காணலிலா, எதில் பின்தங்கினேன்?’ என்று குறுகலாக ஒன்றே ஒன்று கேட்டால் பதில் வர வாய்ப்புண்டு. அதை அன்றிரவே எழுத வேண்டியதில்லை. ஓரிரு நாள் கழித்தும் எழுதலாம். என் கடிதத்தில் பிழை இல்லை. அதை அந்த நேரத்தில் அவளிடம் நீட்டியதுதான் பிழை.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு உண்டு. 71ஆம் அதிகாரத்தில் அரசனின் மனத்தை முகத்தில் படிக்க வேண்டியவர் அவனை அண்டி நிற்பவர். 110ஆம் அதிகாரத்தில் காதலின் கண்களைப் படிக்கிறார்கள். நம் வீடுகளில் பெண்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் முதலாவது. அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைய மனநிலை தெரிந்துவிட வேண்டும். அரசனிடம் கேட்க முடியாதவருக்குத்தான் ஊகம் தேவைப்படுகிறது. நான் அந்த மாணவியை அண்டி நிற்கவில்லையே! என் பரிந்துரைக் கடிதத்துக்குக் காத்திருப்பவள் அவள். கேட்டிருந்தால் எனக்கு என்ன குறைந்துவிடும்? கேட்காமலே புரிந்துகொள்ளும் ஆசிரியை என்று பெயர் வாங்கும் ஆசை எனக்கு இருந்தது. (இன்னும் முழுக்கப் போய்விடவில்லை.)

வெள்ளிக்கிழமை காலை எழுதினேன்: “பார்த்தேன்பா. மதியமே வந்திருக்கு. பேசணுமா, பதில் எழுதணுமா, இல்ல நான் பார்த்தா மட்டும் போதுமா? இப்பவே சொல்லணும்னு இல்ல.” உடனே அழைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்க மேம். வேலை கிடைச்சா ஒரு வருஷம் தள்ளிப்போடலாம்னு அப்பா சொல்லியிருந்தார். வீட்ல சொல்றதுக்கு முன்னாடி யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு.”

என் மூன்று ஊகங்களில் எதிலும் இது இல்லை. அந்த மின்னஞ்சலில் பறிபோனது ஒரு வேலை மட்டுமல்ல, ஓர் ஆண்டு. அதற்கு நான் வணிகக் கடிதம் எழுதித் தந்திருக்கிறேன்.

“வீட்ல சொல்லும்போது நான் வரட்டுமா?”

சற்று நேரம் பேச்சில்லை. “வேணாம் மேம். நீங்க வந்தா அப்பா உங்ககிட்ட சரி சரின்னுட்டு அப்புறம் என்னைப் பேசுவார். நாளைக்குச் சாயந்தரம் போனை மட்டும் பக்கத்துல வச்சிருங்க.”

சனிக்கிழமை நாலு மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வருபவர்களை நிறுத்த முடியவில்லை. ஆனால் எந்தப் பேச்சும் ஆறு மாதத்துக்கு மேற்கொண்டு போகாது என்று அம்மா அப்பாவிடம் வாங்கிக் கொடுத்திருந்தார். “அந்த லெட்டரை இப்ப அனுப்பலாமா மேம்?” என்றாள். ‘ஏன்’ என்று தொடங்கும் வரி ஏதாவது அதில் இருக்கிறதா என்று பார்க்க இருவருமாக அதைத் திறந்தோம்.